செம்பருத்திச் சாறும் சுண்ணாம்புத் தெளிநீரும்

அமிலம், காரம் பாடம் வந்தால் வகுப்புக்குச் செம்பருத்திப் பூவும் வந்துவிடும். இதழ்களைக் கசக்கிச் சாறு எடுப்பார்கள். அந்தச் சாற்றை எலுமிச்சைச் சாற்றில் விட்டால் அடர்ந்த இளஞ்சிவப்பு, சோப்புத் தண்ணீரில் விட்டால் பச்சை. நோட்டில் இரண்டு கட்டம் போட்டு எழுதிக்கொண்டால் பாடம் முடிந்தது. பரீட்சைக்கு அவ்வளவு போதும்தான். ஆனால் மெனக்கெட்டுச் சாறு எடுத்துவிட்டு, “இது அமிலம், அது காரம்” என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. அதே சாற்றையும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சையும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையும் வைத்துக்கொண்டு, ஒரு மில்லி வினிகரில் எத்தனை மில்லிகிராம் அமிலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். கட்டம் போட்டு எழுதிய நோட்டில் இல்லாத ஒரு விஷயம் அப்போது தெரியவரும்.

முதலில் சாறு. ஐந்து இதழ் கொண்ட நாட்டுச் சிவப்புச் செம்பருத்திதான் வேண்டும். மஞ்சள், வெள்ளை, வெளிர் ஆரஞ்சு வகைகளில் இந்த நிறமி போதாது. பத்துப் பூக்களின் இதழ்களை மட்டும் பிய்த்தெடுங்கள். அடியிலுள்ள பச்சைப் பாகமும் நடுவிலுள்ள மகரந்தத் தண்டும் வேண்டாம். கிள்ளிப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிக் கொதி அடங்கிய 100 மில்லி வெந்நீரை ஊற்றி, பத்து நிமிடம் மூடி வைத்தால் இதழ்கள் வெளிறி, தண்ணீர் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு மங்கல் நிறத்துக்கு வந்துவிடும். சாறு கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி அரைத்தவர்களுக்கு அது பழக்கமான வழவழப்புதான். டீ வடிகட்டியில் தேங்கி நிற்கும் என்பதால் மெல்லிய துணியில் பிழிவது நல்லது.

சாறு கெட்டுப்போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாத்திரம். இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் நிறமி இரும்போடு பிணைந்து கறுத்துவிடும், பிறகு எதைக் கலந்தாலும் சரியான நிறம் வராது. அலுமினியத்திலும் நிறம் நீலம் பக்கம் சாயும். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். இன்னொன்று, தண்ணீர். நம் ஊர்ப் போர் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் கரைந்திருப்பதால் அது கொஞ்சம் காரத்தன்மையோடுதான் குழாயில் வருகிறது. அதில் ஊறவைத்தால் சாறு தொடக்கத்திலேயே அழுக்கு நீலமாக நிற்கும். பிள்ளைகள் அதைச் செம்பருத்தியின் குற்றம் என்று நினைத்துக்கொள்வார்கள். கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பயன்படுத்திப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அறை வெப்பத்தில் ஓரிரு நாளில் சாறு புளித்து, தானே அமிலமாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் தாங்கும். பழைய சாறு தேறுமா என்று பார்க்க, ஒரு சொட்டில் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரை விடுங்கள். பளிச்சென்று பச்சை வந்தால் வைத்துக்கொள்ளலாம், கலங்கிய மஞ்சளாக வந்தால் கொட்டிவிடலாம். இதழ்களை நிழலில் காயவைத்துப் பாட்டிலில் போட்டு வைப்பது எல்லாவற்றையும்விட வசதி. வேண்டும்போது வேண்டிய அளவுக்கு ஊறவைத்துக்கொள்ளலாம்.

இனி, ஒரே சாற்றுக்கு ஏன் இத்தனை நிறம்? இது புதிய கேள்வி இல்லை. இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் 1664இல் நிறங்களைப் பற்றி எழுதிய நூலிலேயே, வயலட் பூவின் சாறு அமிலத்தில் சிவக்கிறது, காரத்தில் பச்சையாகிறது என்று குறித்து வைத்தார். காரணம் தெரிய இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆனது. ஜெர்மனியில் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் சிவப்பு ரோஜாவிலும் நீலக் கார்ன்ஃபிளவர் பூவிலும் இருப்பது சயனிடின் என்ற ஒரே நிறமிதான் என்று கண்டுபிடித்தார். தாவர நிறமிகளை, குறிப்பாகப் பச்சையத்தை, ஆராய்ந்ததற்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் செம்பருத்தியின் சிவப்பும் சயனிடினோடு சர்க்கரை சேர்ந்த ஒரு வடிவம்தான். ஆந்தோசயனின் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்த மூலக்கூறு ஒரே உருவத்தில் இருப்பதில்லை. அமிலம் மிகுந்த இடத்தில் அது நேர்மின்னூட்டம் கொண்ட உருவத்தில் இருக்கிறது, அது நல்ல சிவப்பு. அமிலம் குறையக் குறைய ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும், ஒளியை உறிஞ்சிக்கொண்டிருந்த தொடர் அறுந்து நிறமே போய்விடுகிறது. காரத்தின் பக்கம் போகும்போது மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்து ஊதாவாகவும் நீலமாகவும் மாறுகிறது. அப்படியானால் பச்சை எங்கிருந்து வந்தது? இதழில் ஆந்தோசயனின் மட்டுமில்லை. சாதாரண வேளையில் கண்ணுக்குத் தெரியாத ஃப்ளேவனாய்டு என்ற கூட்டாளிகளும் உண்டு. காரம் பட்டால் அவை மஞ்சளாகும். நீலமும் மஞ்சளும் சேர்ந்துதான் நாம் பார்க்கும் பச்சை. சந்தேகம் இருந்தால் வெள்ளைப் பூ ஒன்றின் இதழை நசுக்கிச் சலவைச் சோடாக் கரைசலில் போட்டுப் பாருங்கள். வெள்ளை இதழ் மஞ்சளாகும்.

வலுவான காரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. மூலக்கூறு மெல்ல உடைகிறது. சலவைச் சோடாவில் விட்ட பச்சைச் சாற்றை அரைமணி நேரம் வைத்திருந்தால் பச்சை மங்கி மஞ்சளாகிவிடும். அதன்பின் வினிகரை ஊற்றினாலும் பழைய சிவப்பு முழுதாகத் திரும்பாது. அதனால் காரத்தின் நிறத்தை விட்டவுடனே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்து “சலவைச் சோடா: மஞ்சள்” என்று எழுதும் மாணவர் பொய் எழுதவில்லை, அவர் பார்த்தது சிதைந்த நிறமியை.

சிவப்பு முட்டைகோஸ் இதைவிடச் சிறந்த நிறங்காட்டி என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வது உண்மைதான். அதன் ஆந்தோசயனின்களில் கூடுதலாகச் சில அமிலத் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. அவை நிறம் தரும் பாகத்தின்மேல் கவிந்துகொண்டு, தண்ணீர் வந்து ஒட்டாமல் காக்கின்றன. ஆகவே நடுவில் நிறம் வெளிறிப்போகாமல் சிவப்பு, ஊதா, நீலம், நீலப்பச்சை, பச்சை, மஞ்சள் என்று படிப்படியாகத் தெரியும். நிறத்தைப் பார்த்தே பி.எச் அளவை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். ஆனால் அது பெரிய ஊர்க் காய்கறிக் கடைகளில்தான் கிடைக்கும், விலையும் அதிகம். செம்பருத்தி பள்ளிக்கூட வேலியிலேயே இருக்கிறது. நாம் செய்யப்போகும் வேலைக்கு அது போதும், ஏனென்றால் நமக்குத் தேவை ஒரே ஒரு திருப்பம்: அமிலம் தீர்ந்து காரம் தலைகாட்டும் கணம்.

மஞ்சளும் ஒரு நிறங்காட்டிதானே என்று கேட்கலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பது எல்லார் வீட்டிலும் பார்த்த காட்சி. அதில் எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். ஆனால் மஞ்சள் காரத்துக்கு மட்டுமே நிறம் மாறுகிறது. தண்ணீரையும் வினிகரையும் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இனிச் சுண்ணாம்புத் தெளிநீர். வாசனையும் நிறமும் சேர்க்காத வெள்ளை வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, இறுக மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் வெள்ளை வண்டலும் மேலே கண்ணாடி போன்ற தெளிவும் நிற்கும். மேலே நிற்பதுதான் நமக்கு வேண்டும். அடியில் கரையாத சுண்ணாம்பு மிச்சமிருப்பது நல்ல அடையாளம். தண்ணீர் எவ்வளவு சுண்ணாம்பைத் தாங்குமோ அவ்வளவையும் கரைத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் வெப்பத்தில் அது லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம், அதாவது மில்லிக்கு ஒன்றரை மில்லிகிராம். தராசு இல்லாமலே அளவு தெரிந்த ஒரு காரக் கரைசல் கைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தராமல் விடக்கூடாது.

பாட்டிலைத் திறந்து வைக்காதீர்கள். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து மேலே வெள்ளை ஏடு படரும், கரைசலின் வலுவும் குறையும். வெகுநாள் காய்ந்து கிடந்த சுண்ணாம்பும் இப்படியே வெறும் சுண்ணாம்புக்கல் பொடியாகிப் போயிருக்கும், உதவாது. கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பொல்லாதது. அதனால் பாட்டிலைக் கையாளுவது ஆசிரியர் வேலை, சிரிஞ்சைப் பிடிக்கும் மாணவருக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்துவிட்டால் யோசிக்காமல் குழாயடியில் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சோதனைக்கு வருவோம். கடையில் விற்கும் நிறமில்லாத வினிகரை எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிரிஞ்சில் சரியாக 1 மில்லி வினிகரை எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு, 10 மில்லி கேன் தண்ணீர் சேர்த்து, செம்பருத்திச் சாறு 20 சொட்டு விடுங்கள். வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். டம்ளருக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள். பக்கத்தில் ஒப்பிடுவதற்காக, வினிகர் இல்லாமல் தண்ணீரும் சாறும் கொஞ்சம் தெளிநீரும் கலந்த பச்சை டம்ளர் ஒன்று.

இப்போது வகுப்பிடம் கேளுங்கள்: இந்த 1 மில்லி வினிகரைச் சரிக்கட்ட எத்தனை மில்லி தெளிநீர் வேண்டும்? பெரும்பாலும் கை தூக்குபவர்கள் ஒன்று என்பார்கள், கொஞ்சம் யோசிப்பவர்கள் அதைவிடக் குறைவு என்பார்கள். காரணமும் சொல்வார்கள். வினிகரின் பி.எச் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கிறது, நடுவான 7இலிருந்து நாலரைப் படிக்குள் தள்ளி நிற்கிறது. தெளிநீரின் பி.எச் 12.4 அளவில், ஐந்து படிக்கு மேல் தள்ளி. அப்படியானால் தெளிநீர்தானே பலசாலி?

ஒரு மில்லி விட்டுக் கலக்குங்கள். நிறம் அசையாது. ஐந்து மில்லி போனபின் இளஞ்சிவப்பு வெளிறும். பத்தைத் தாண்டும்போது டம்ளரில் நிறம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் சாறு தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் சாறு ஊற்றப் பார்ப்பார்கள். ஊற்றவிடாதீர்கள். தண்ணீர் மூலக்கூறு ஒட்டி நிறமிழந்த உருவம் இதுதான், நிறமி அங்கேயேதான் இருக்கிறது. நம்பாதவர்களுக்காக, ஒரு கரண்டியளவு வேறாக எடுத்து அதில் எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பு திரும்பி வரும். (துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்திலும் நிறம் போகும். அது பொருளே அழிந்துபோவது, திரும்பாது. அந்தத் திரவத்தை இந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.)

பதினைந்தை நெருங்கும்போது மில்லி மில்லியாக விடுவதை நிறுத்திவிட்டுச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு பச்சைப் பொட்டு தோன்றிக் கலக்கியதும் மறையும். பிறகு மறையத் தாமதமாகும். டம்ளர் முழுக்கச் சாம்பல் கலந்த ஊதா படரும். பின்னர் ஒன்றிரண்டு சொட்டில், கலக்கிய பிறகும் பச்சை நின்றுவிடும். அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுதான் முடிவு. சிரிஞ்சைப் பார்த்தால் பதினாறு, பதினேழு மில்லி போயிருக்கும்.

கணக்கு இதைச் சரிபார்த்துவிடுகிறது. 4 சதவீத வினிகரின் ஒரு மில்லியில் 40 மில்லிகிராம் அசிட்டிக் அமிலம் உண்டு. 60 பங்கு அசிட்டிக் அமிலத்தைச் சரிக்கட்ட 37 பங்கு நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். அப்படியானால் 40 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 25 மில்லிகிராம். தெளிநீரில் மில்லிக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் இருக்கிறது. 25ஐ ஒன்றரையால் வகுத்தால் பதினாறரைக்குக் கொஞ்சம் மேல். வேலியில் பூத்த பூவும் வெற்றிலைச் சுண்ணாம்பும் லேபிளை ஒத்துப்போகவைத்துவிட்டன. 12 மில்லியிலேயே பச்சை வந்துவிட்டால் வினிகர் லேபிளில் சொன்னதைவிட நீர்த்தது. 25 மில்லி ஆகியும் வரவில்லையென்றால் வினிகரைச் சந்தேகிக்கும் முன் தெளிநீரைச் சந்தேகியுங்கள். பாட்டில் திறந்து கிடந்திருக்கலாம்.

பலசாலி என்று நினைத்த தெளிநீர் ஏன் இப்படிப் பதினாறு மடங்கு செலவாயிற்று? கல்யாண மண்டபத்தின் வாசலில் நிற்பவர்களை எண்ணிவிட்டு உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. பி.எச் எண்ணுவது வாசலில் நிற்பவர்களை, அதாவது அந்தக் கணத்தில் தனியாகப் பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளை. வினிகரில் ஆயிரம் அசிட்டிக் அமில மூலக்கூறுகள் இருந்தால் ஐந்தாறுதான் ஒரு வேளையில் பிரிந்து நிற்கும், மற்றவை அப்படியே உள்ளே இருக்கும். சுண்ணாம்பு வந்து வெளியே நிற்பவற்றைத் தீர்க்கத் தீர்க்க, உள்ளிருந்து அடுத்தவை பிரிந்து வரும். கடைசி மூலக்கூறு தீரும்வரை பச்சை நிற்காது. தெளிநீரில் நிலைமை நேர்மாறு. கரைந்த சுண்ணாம்பு கிட்டத்தட்ட முழுவதும் பிரிந்து வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் மொத்தமே கொஞ்சம்தான். நோட்டில் போட்ட இரண்டு கட்டங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது. நிறம் ஒன்றைச் சொல்கிறது, சிரிஞ்சு இன்னொன்றைச் சொல்கிறது.

எலுமிச்சைச் சாற்றை வடிகட்டி இதே மாதிரி செய்தால், சாறு எவ்வளவு புளிப்போ அதைப் பொறுத்து வினிகருக்கு ஆன அளவையொட்டியே தெளிநீர் செலவாகும். புளிக்கரைசலில் மட்டும் இந்த முறை திணறும். அதன் சொந்தப் பழுப்பு நிறம் இளஞ்சிவப்பையும் பச்சையையும் மூடிவிடுகிறது. தக்காளிச் சாறு, கோலா வகைக் குளிர்பானங்களுக்கும் இதே கதிதான். நிறமில்லாத எலுமிச்சை சோடாவை எடுத்தால், முதலில் நன்றாக ஆற்றி வாயுவைப் போக்க வேண்டும். கரைந்திருக்கும் கரியமில வாயுவும் சுண்ணாம்பைத் தின்னும், தெளிநீரைக் கலக்கி வெள்ளையாக்கவும் செய்யும்.

எனக்குப் பிடித்த பொருள் தயிர். துணியில் கட்டித் தொங்கவிட்டால் வடியும் தெளிந்த நீரில் 5 மில்லி எடுத்துக்கொண்டு, அதே 20 சொட்டுச் சாறு விட்டு, தெளிநீரைச் சொட்டவிடுங்கள். தயிர்நீரில் பாஸ்பேட் உப்புகளும் இருப்பதால் சுண்ணாம்பு சேரச் சேரக் கொஞ்சம் கலங்கும். பச்சை பளிச்சென்று இல்லாமல் வெளிர்பச்சையாகத்தான் தெரியும், அதனால் லாக்டிக் அமிலம் இத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்ல இந்தக் கணக்கு ஆகாது. ஒப்பிட ஆகும். ஒரே தயிரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மறு பாதியைச் சமையல் மேடையிலும் வைத்து, மறுநாள் இரண்டிலும் 5 மில்லி எடுத்துப் பாருங்கள். மேடையில் இருந்த தயிருக்குத் தெளிநீர் கூடுதலாகச் செலவாகும், எவ்வளவு கூடுதல் என்பதை அந்த வீட்டின் வெக்கை தீர்மானிக்கும். பால் பண்ணைகளில் பாலும் தயிரும் எவ்வளவு புளித்திருக்கின்றன என்று பார்ப்பதும் இதே வழியில்தான். அங்கே சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு, செம்பருத்திக்குப் பதில் பினாப்தலீன்.